லாஜிஸ்டிக்ஸ் மாணவர்களுக்கு ஐந்து நிமிட வழியனுப்புப் பேச்சு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எனக்கு ஊர் சாயல்குடிப் பக்கம், வேலை தூத்துக்குடியில் ஏற்றுமதிக் காகிதங்களோடு. சித்திரை பிறந்தால் ராமநாதபுரம், கீழக்கரை, பரமக்குடி என்று கல்லூரி ஆசிரியர்கள் போன் செய்வார்கள். எல்லாரும் கேட்பது கிட்டத்தட்ட ஒன்றே என்பதால் பதில்களை இங்கே எழுதி வைத்துவிட்டேன்.

எங்க பசங்களுக்கு வழியனுப்பு விழா. துல்லியம், நேர்மை, பொறுமை இந்த மூணையும் வச்சு அஞ்சு நிமிஷம் பேசணுமாம். எப்படி சார் ஆரம்பிக்கிறது?

மூன்று சொற்களையும் முதலில் மறந்துவிடுங்கள். ஒரே ஒரு கன்டெய்னரை எடுத்துக்கொள்ளுங்கள். அது நம் கடலோரத்திலிருந்து கிளம்பிக் கப்பல் ஏறும்வரை யார் எந்தத் தாளில் என்ன எழுதுகிறார்கள் என்று மட்டும் சொல்லுங்கள். சரியான சரக்கைத் தேர்ந்தெடுத்தால் மூன்றும் தானாக வந்து சேரும்.

நான் தேர்ந்தெடுப்பது கரி. நம்ம சீமைக்கருவேல மூட்டக் கரிதான்.

கரியா? மீன் இருக்கு, வாலிநோக்கம் உப்பு இருக்கு, முண்டு மிளகாய் இருக்கு. போயும் போயும் கரியா?

மீனைப் பற்றி நீங்கள் சொல்லாமலே அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியும். பாதிப் பேர் வீட்டில் வலை காய்ந்துகொண்டிருக்கும். தவிர, மீனில் எல்லாமே வேகம். ஐஸ் கரைவதற்குள் லாரி கிளம்பியாக வேண்டும் என்ற இடத்தில் நின்றுகொண்டு பொறுமையைப் பற்றிப் பேசினால் எடுபடாது. உப்பும் மிளகாயும் நல்ல சரக்குதான், ஆனால் கப்பலைக் கொளுத்திவிடாது.

கரி கொளுத்தும். எந்த நெருப்பும் வைக்காமலே தானாகச் சூடேறிப் பற்றிக்கொள்ளக்கூடிய சரக்கு அது. கடல்வழி ஆபத்துச் சரக்கு விதிகளில் அதற்கு யு.என். 1361 என்று எண்ணும், 4.2 என்று வகுப்பும் உண்டு. தானே பற்றிக்கொள்ளும் பொருள்களுக்கான வகுப்பு 4.2. முன்பெல்லாம் ஆய்வகச் சோதனையில் தேறினால் கரியைச் சாதாரணச் சரக்காகவே அனுப்ப முடிந்தது. அந்தச் சலுகையை எடுத்துவிட்டார்கள். 2026 ஜனவரி 1 முதல் கப்பல் ஏறும் கரி எல்லாம் ஆபத்துச் சரக்காகத்தான் அறிவிக்கப்பட வேண்டும். ஆக, இப்போது படித்து வெளியே வரும் பிள்ளைகள் இந்த விதியோடுதான் வேலையைத் தொடங்கப் போகிறார்கள். கடலாடி, முதுகுளத்தூர் பக்கத்துப் பிள்ளை ஒருவராவது வகுப்பில் இருப்பார். மூட்டம் என்றால் என்ன என்பதை அவரே பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்லிவிடுவார்.

14 நாள் ஆறப் போடணும்னு சொல்றாங்களே, அது என்ன கணக்கு? மூட்டத்துலயே ஆறிடுதே?

மூட்டத்தில் ஆறுவது நெருப்பு. இது வேறு.

விறகை அடுக்கி, வைக்கோலும் ஈர மண்ணும் போட்டு மூடி, தீ வைத்த பிறகு முதலில் வருவது கெட்டியான வெள்ளைப் புகை. அது விறகில் இருக்கும் ஈரம். நாள் போகப் போகப் புகை மெலிந்து நீலம் பாயும்போது, வெந்துவிட்டது என்று காற்றுத் துளைகளை அடைப்பார்கள். பிறகு பிரித்து, தண்ணீர் தெளித்துக் கரியை அள்ளுவார்கள். கையில் எடுத்தால் குளிர்ந்துதான் இருக்கும்.

ஆனால் புதுக் கரியின் உள்ளே கண்ணுக்குத் தெரியாத துவாரங்கள் ஏராளம். அவை காற்றில் உள்ள ஆக்சிஜனை இழுத்துக்கொண்டே இருக்கும். இழுக்கும்போது கொஞ்சம் சூடு பிறக்கும். கொட்டகையில் பரப்பிக் கிடந்தால் அந்தச் சூடு காற்றோடு போய்விடும். அதையே மூட்டையில் கட்டி, மூட்டைகளை நெருக்கி அடுக்கி, கன்டெய்னர் கதவைச் சாத்திவிட்டால் சூடு போக வழியில்லை. சூடு கூடக் கூட இழுப்பதும் கூடும். சில நாளில் நடுக்கடலில் புகை. தூள் அதிகமாக இருந்தால் இன்னும் மோசம்.

அதனால்தான் கரியை மேலே கூரை இருக்க, காற்றோட்டமாக 14 நாள் ஆறப்போட்டுப் பிறகு மூட்டை கட்டச் சொல்கிறார்கள். இழுக்க வேண்டியதை அது கொட்டகையிலேயே இழுத்து முடித்துவிடும். மூட்டை கட்டும் நாளில் கரியின் சூடு 40 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருக்கக் கூடாது. கன்டெய்னருக்குள் கூரைக்கும் சரக்குக்கும் நடுவே 30 சென்டிமீட்டராவது இடைவெளி விட வேண்டும். கரி செய்த தேதி, கட்டிய தேதி, கட்டிய அன்று இருந்த சூடு, இந்த மூன்றும் காகிதத்தில் போக வேண்டும்.

40 டிகிரியில் நம் ஊருக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. சித்திரை வெயிலில் தகரக் கொட்டகைக்குள்ளேயே மதியம் 40 தாண்டிவிடும். வெப்பமானி 43 காட்டினால் அது வெயிலா, கரியா? இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. விடியற்காலை போய், கொட்டகைக் காற்றின் சூட்டை முதலில் பாருங்கள். பிறகு நீளமான வெப்பமானிக் கம்பியைக் கரிக்குவியலின் நடுவரை செருகி, எண் அசையாமல் நிற்கும்வரை காத்திருங்கள். வெளிக்காற்று 28, குவியல் நடுவில் 29 என்றால் நேற்று மதியம் பார்த்தது வெயில். நடுவில் 36 என்றால் அது 40-க்குக் கீழேதான், விதிப்படி சரிதான், ஆனாலும் நான் அன்றைக்கு மூட்டை கட்ட விடமாட்டேன். ராத்திரி முழுக்க ஆறியும் காற்றைவிட 8 டிகிரி கூட இருக்கிறதென்றால் அந்தக் கரி இன்னும் வேலை செய்துகொண்டிருக்கிறது.

14 நாள் பொறுத்தா கப்பல் போயிடுமே? பொறுமைன்னா கப்பலை விடச் சொல்றதா?

விட வேண்டியிருந்தால் விடத்தான் வேண்டும். ஆனால் நம்மைப் போன்ற காகித வேலைக்காரருக்கு அது திடீரென்று வருகிற செய்தி கிடையாது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மாணவர்களிடமும் இதை அப்படியே சொல்லலாம்.

ஒரு கன்டெய்னருக்கு 25 கிலோ மூட்டை 560 வேண்டும், அதாவது 14 டன். அது ஒரே மூட்டத்தில் வருவதில்லை. நாலைந்து மூட்டங்களில் இருந்து சேரும். முதல் மூட்டம் பிப்ரவரி 20-ல் பிரித்தது, அடுத்தடுத்துச் சில, கடைசி மூட்டம் மார்ச் 3-ல் பிரித்தது என்று வையுங்கள். 540 மூட்டைக்கான கரி நன்றாக ஆறிவிட்டது. மிச்சம் 20 மூட்டைதான் மார்ச் 3 கரி. தப்பு நடப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். 'பெரும்பான்மை பழசுதானே' என்று பிப்ரவரி தேதியையே போட்டுவிடுவார்கள். ஆனால் சூடேறப் போவது அந்த 20 மூட்டை. அது பற்றினால் மற்ற 540-ம் விறகு. ஆகவே 14 நாளை எண்ண வேண்டியது மார்ச் 3-லிருந்து. மார்ச் 17-க்கு முன் அந்தக் கரியைக் கட்ட முடியாது.

கப்பலுக்குச் சரக்கு சேர்க்கக் கடைசி நாள் மார்ச் 16. ஒரு நாள் இடிக்கிறது.

இது எப்போது தெரியும்? மார்ச் 3-ம் தேதி சாயங்காலமே தெரியும். காலண்டரைப் பார்த்தால் போதும். அன்றைக்கே வாங்குபவருக்கும் கப்பல் ஏஜென்ட்டுக்கும் போன் போட்டு அடுத்த வாரக் கப்பலுக்கு மாற்றிக்கொண்டால் பெரிய செலவில்லை. காலி கன்டெய்னரை யார்டிலிருந்து எடுத்திருக்க மாட்டோம், லாரி பேசியிருக்க மாட்டோம். அல்லது அந்த 20 மூட்டையை விட்டுவிட்டு 540-ஐ மட்டும் அனுப்பலாமா என்று வாங்குபவரைக் கேட்கலாம். பல பேர் சரி என்பார்கள்.

அதையே மார்ச் 15 ராத்திரி கண்டுபிடித்தால்? கன்டெய்னர் வந்து நிற்கும், அதற்கு நாள் வாடகை ஓடும், லாரிக்காரர் கத்துவார், முதலாளி கத்துவார். அந்த நேரத்தில் 3 என்பதை 1 என்று எழுத யாருக்கும் கை வரும். பொறுமை இல்லாதவர் என்று அந்தப் பையனைத் திட்டிப் பயனில்லை. 12 நாள் முன்னால் போன் செய்யாததுதான் விஷயம். மூட்டத்துக்கு மூட்டம் தேதிச் சீட்டு கட்டி வைக்கிற பழக்கத்தைச் சொல்லிக்கொடுங்கள், போதும்.

துல்லியம்னு சொன்னாலே பசங்க போனை எடுத்துடறாங்க. என்ன சொல்லலாம்?

எடையைச் சொல்லுங்கள். 2016 ஜூலை 1 முதல், எடை சரிபார்க்கப்படாத கன்டெய்னரைக் கப்பலில் ஏற்றக் கூடாது என்பது உலக விதி. சரிபார்க்க இரண்டு வழி உண்டு. மூடிய கன்டெய்னரை அப்படியே எடை போடலாம். இல்லையென்றால் மூட்டைகளின் எடை, உள்ளே முட்டுக் கொடுத்த கட்டை, கதவில் எழுதியிருக்கும் கன்டெய்னர் எடை இவற்றைக் கூட்டலாம்.

கூட்டுகிற வழியில் நம் கன்டெய்னரைப் பார்ப்போம். காகிதத்தில் 560 பெருக்கல் 25, அதாவது 14,000 கிலோ. கட்டை 150. கன்டெய்னர் 3,800. மொத்தம் 17,950. அழகாக வருகிறது. ஆனால் கரி கடற்காற்றில் ஈரம் குடிக்கும். சில இடங்களில் எடை கூட்ட வேண்டுமென்றே தண்ணீர் தெளிப்பதும் உண்டு, அதை மறைத்துப் பயனில்லை. அங்கும் இங்குமாக 20 மூட்டையை எடுத்துத் தராசில் வைத்துப் பாருங்கள். சராசரி 25.8 வந்தால் மொத்தம் 448 கிலோ கூடி 18,398 ஆகிவிடுகிறது. முதல் எண் பெருக்கல் வாய்ப்பாட்டில் இருந்து வந்தது, இரண்டாவது தராசில் இருந்து வந்தது.

எடை மேடையில் போட்டாலும் கண் வேண்டும். காலையில் காலி வண்டிக்குச் சீட்டு எடுத்துவிட்டு, வழியில் 200 லிட்டர் டீசல் போட்டு, மாலையில் லோடு வண்டிக்குச் சீட்டு எடுத்தால் சுமார் 170 கிலோ டீசலும் சரக்குக் கணக்கில் ஏறிவிடும். காலி எடையில் டிரைவர் மட்டும் இருந்து லோடு எடையில் கிளீனரும் உட்கார்ந்திருந்தால் இன்னொரு 60.

'448 கிலோவுக்குக் கப்பல் முங்கிடுமா அண்ணே' என்று ஒரு குரல் கட்டாயம் வரும். வரட்டும், அந்தக் குரலுக்காகத்தான் இந்தக் கதையை வைத்திருக்கிறேன். 2007 ஜனவரியில் எம்.எஸ்.சி. நாபோலி என்ற கப்பல் இங்கிலீஷ் கால்வாயில் புயலில் மாட்டி உடல் விரிசல் கண்டது. மாலுமிகள் கப்பலைக் கைவிட வேண்டியதாயிற்று. பிறகு அதன் மேல்தளத்தில் நனையாமல் இருந்த 660 கன்டெய்னர்களை எடை போட்டுப் பார்த்தபோது 137-ல் அறிவித்த எடைக்கும் உண்மை எடைக்கும் 3 டன்னுக்கு மேல் வித்தியாசம். ஐந்தில் ஒன்று. விரிசலுக்கு அது மட்டுமே காரணம் என்று சொல்லிவிடாதீர்கள், கப்பலின் கட்டுமானமும் வேகமும் சேர்ந்தது. ஆனால் எந்தப் பெட்டியைக் கீழே வைப்பது, எதை மேலே வைப்பது என்று திட்டம் போடுபவர் கையில் இருப்பது நாம் எழுதிய எண் மட்டும்தான்.

நேர்மையைப் பத்திப் பேசினா உபதேசம் மாதிரி ஆயிடாதா?

ஆகும். அதனால் நேர்மை என்ற சொல்லை எடுக்காமல் 'சரக்கின் பெயர்' என்ற கட்டத்தைப் பற்றிப் பேசுங்கள். ஆபத்துச் சரக்கு என்று எழுதினால் கூடுதல் கட்டணம், கூடுதல் காகிதம். சில கப்பல் கம்பெனிகள் கரியைத் தொடவே தொடாது. ஆகவே 'மரப்பொருள்' என்று எழுதலாமே என்று ஆசை வரும். அந்தச் சொல்லில் பொய்யே இல்லை, கரி மரத்திலிருந்துதானே வந்தது? அதுதான் அதில் உள்ள விஷம். அந்தச் சொல்லை நம்பி, கப்பலில் அந்தப் பெட்டியை எட்டிப் பார்க்கவே முடியாத இடத்தில் வைத்துவிடுவார்கள். புகை வந்தாலும் உள்ளே என்ன எரிகிறது என்று அணைக்கப் போகிறவருக்குத் தெரியாது.

கப்பலில் வேலை பார்க்கிறவர்கள் நம் ஊரில் உண்டு. அதில் ஒருவர் மாணவரின் சித்தப்பாவாக இருக்கலாம் என்று மட்டும் சொல்லி நிறுத்துங்கள்.

முதலாளியே 'தேதியை மாத்துடா'ன்னா, புதுசா சேர்ந்த பையன் என்ன பண்ணுவான் அண்ணே? வேலை போயிடாதா?

இதைத் தவிர்த்துவிட்டுப் பேசுகிறவர்களை எனக்குப் பிடிப்பதில்லை. போகலாம் என்பதே உண்மையான பதில்.

ஆனால் 'முடியாது' என்று சட்டையைப் பிடிப்பதற்கு முன்னால் செய்யக் கூடியவை இருக்கின்றன. முதலில், முறைத்துக்கொள்ளாமல் மாற்று வழியோடு போக வேண்டும். "அண்ணாச்சி, 20 மூட்டையை இறக்கிட்டா இன்னைக்கே அனுப்பிடலாம், வாங்குறவர்ட்ட நான் பேசவா?" என்று கேட்டால் பெரும்பாலும் சரி என்றுவிடுவார். அவருக்கு வேண்டியது வண்டி கிளம்புவதுதான். இரண்டாவது, அந்த அறிவிப்பில் யார் கையெழுத்து என்று பார்க்கச் சொல்ல வேண்டும். கீழே அனுப்புபவரின் பெயர் போகும். தீ வந்தால் கேள்வி அங்கேதான் வரும் என்பதை மரியாதையாக ஞாபகப்படுத்தலாம். மூன்றாவது, வாய்ச்சொல்லாக வந்த உத்தரவுக்கு "மூட்டம் பிரித்தது மார்ச் 3, கட்டக்கூடிய நாள் மார்ச் 17, இப்படிப் போடவா?" என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி கேட்டுவிட வேண்டும். எழுத்தில் 'மாற்று' என்று பதில் போட நிறையப் பேருக்குத் துணிவு வராது.

இவ்வளவுக்குப் பிறகும் மாற்றத்தான் வேண்டும் என்றால், அந்தக் காகிதத்தை நான் போடவில்லை, வேறு யாரையாவது போடச் சொல்லுங்கள் என்று சொல்ல வேண்டியதுதான்.

சார், பேச்சையே எழுதிக் கொடுத்துடுங்களேன்.

இந்தாருங்கள். நிதானமாகப் படித்தால் மூன்று நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவாக வரும். மிச்ச நேரத்தை அவர்கள் கேள்விக்கு விடுங்கள்.

"எல்லாருக்கும் வணக்கம். சாப்பாடு காத்திருக்கிறது, ஒரு கன்டெய்னரை ஏற்றி அனுப்பிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

சாயல்குடிக்கு அந்தப் பக்கம் ஒரு கொட்டகை. உள்ளே கரி, 560 மூட்டைக்கு. நீங்கள் வேலைக்குச் சேர்ந்து முதல் மாதம். கையில் ஒரு தாள். அதில் நிரப்ப வேண்டிய கட்டங்கள் நிறைய இருந்தாலும் மூன்றைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

முதல் கட்டம் எடை. பக்கத்து மேசைக்காரர், 560 பெருக்கல் 25 போடு என்பார். கால்குலேட்டர் 14,000 என்று சொல்லும். நீங்கள் எழுந்து போய் 20 மூட்டையைத் தராசில் வையுங்கள். சட்டை கரியாகும். கன்டெய்னர் நம்பரையும் போன வாரத்துத் தாளைப் பார்த்து எழுதாதீர்கள், கதவைப் பார்த்து எழுதுங்கள்.

இரண்டாவது கட்டம் சரக்கின் பெயர். கரி என்றால் கரி என்று எழுதுங்கள். கட்டணம் கூடும், ஒரு கப்பல் வேண்டாம் என்று சொல்லும், இன்னொரு கப்பலைத் தேடுங்கள். அந்தப் பெட்டிக்கு மேல்தளத்தில் தூங்கப் போகிறவர் உங்கள் முகத்தைப் பார்த்ததில்லை. நீங்கள் எழுதிய பெயரைத்தான் பார்த்திருக்கிறார்.

மூன்றாவது கட்டம் தேதி. கடைசி மூட்டம் பிரித்த நாளிலிருந்து 14 நாள். அந்த 14 நாளை உங்கள் மேலாளரால் குறைக்க முடியாது, அமைச்சராலும் முடியாது, கரி யார் சொன்னாலும் கேட்காது. உங்களால் முடிந்தது முதல் நாளே எண்ணிப் பார்த்து, முதல் நாளே போன் செய்வது. கப்பல் தவறும் என்று 12 நாள் முன்னால் சொன்னவரை யாரும் வேலையை விட்டு அனுப்பி நான் பார்த்ததில்லை. முந்தின நாள் ராத்திரி சொன்னவர் பட்ட பாட்டைப் பார்த்திருக்கிறேன்.

எடை மேடை, எடைச்சீட்டு, சீல் நம்பர் இதையெல்லாம் உங்கள் ஆசிரியர்கள் சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். நான் சொல்ல வந்தது இந்த மூன்று கட்டம்தான். வண்டி கிளம்பிவிட்டது. வாருங்கள், சாப்பிடலாம்."

என் மகன் துபாய்க்குப் போறான், அங்க கிடங்கு வேலை. கரியை அவன் கண்ணால பார்க்கப் போறதில்ல. இந்தப் பேச்சு அவனுக்கு எதுக்கு?

கீழக்கரைத் தாய்மார்கள் கேட்பது இது. அம்மா, கரி இந்தப் பக்கம் பெட்டிக்குள் போனால் அந்தப் பக்கம் யாரோ கதவைத் திறக்கத்தானே வேண்டும். வளைகுடாவில் ஷீஷாவுக்கும் சுட்ட கறிக்கும் கரி இல்லாமல் ஆகாது. 'மரப்பொருள்' என்று எழுதிய பெட்டியின் கதவைத் திறக்கிறவர் உங்கள் மகனாகவே இருக்கலாம்.

தமிழ்ல பேசினா போதுமா, இங்கிலீஷ் கலக்கணுமா?

தமிழ் போதும். கன்டெய்னர், சீல், ஷிப்பிங் பில் எல்லாம் ஏற்கெனவே தமிழ்தான்.

கடைசி நேரத்துல ரெண்டு நிமிஷம்தான்னு சொல்லிட்டாங்க. எதை வெட்டுறது?

எடையையும் பெயரையும் வெட்டிவிடுங்கள். அவற்றைப் புத்தகத்தில் படித்துக்கொள்வார்கள். தேதிக் கட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு, பலகை இருந்தால் மார்ச் 3, 16, 17 என்று மூன்று எண்ணை எழுதி, யாருக்கு எப்போது போன் செய்வீர்கள் என்று முன்வரிசையில் ஒருவரைக் கேளுங்கள்.